மூன்று வரி டிக்கெட், மூன்று நாள் காத்திருப்பு: ஒரு பகிர்வு ஃபோல்டருக்கு அனுமதி கேட்ட நிகழ்வு

நான் ஹெல்ப் டெஸ்கில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு வரும் டிக்கெட்டுகளில் பெரும்பங்கு அனுமதி கேட்டு வருபவை. இங்கே எழுதுவது அப்படி வந்த ஒன்றைப் பற்றி. ஒரே நபர், ஒரே ஃபோல்டர், ஒரே தேவை. முதல் டிக்கெட்டில் மூன்று நாள் போயும் வேலை நடக்கவில்லை. இரண்டாவது டிக்கெட் போட்ட அன்றே அனுமதி கிடைத்தது. ஆனால் கடைசி நாளில் எங்கள் பக்கத்திலேயே ஒரு தவறு நடந்தது, அதையும் சேர்த்தே எழுதுகிறேன். குழுப் பெயர்களையும் தேதிகளையும் மாற்றியிருக்கிறேன்.

கேட்டவர் கணக்கு ஆய்வுப் பிரிவில் இருப்பவர். சப்ளையர்களுக்குக் கொடுத்த பணம் லெட்ஜரில் எப்படிப் பதிவாகியிருக்கிறது, வங்கி ஸ்டேட்மெண்டில் எப்படி இருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிடும் வேலை அவரிடம் வந்திருந்தது. லெட்ஜர் கோப்புகள் நிதிப் பிரிவின் பகிர்வு ஃபோல்டரில் இருந்தன. அந்த ஃபோல்டர் அவருக்குத் திறக்கவில்லை. 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை 9.40க்கு இப்படி ஒரு டிக்கெட் போட்டார்:

"நிதிப் பிரிவு ஃபோல்டருக்கு ஃபுல் ஆக்சஸ் வேண்டும். என் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இருப்பது போலவே கொடுத்தால் போதும். மிக அவசரம்."

படிக்கிறவருக்கு இது புரியும். ஆனால் எங்களால் இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அது ஏன் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஒரு ஃபோல்டருக்கு அனுமதி கொடுப்பது என்றால் நாங்கள் ஃபோல்டரையே தொடுவதில்லை. ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் ஆட்களின் பெயர் இருக்காது, குழுக்களின் பெயர்தான் இருக்கும். எல்லோருடைய கணக்குகளையும் குழுக்களையும் பதிந்து வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் குழுவுக்குள் ஆளைச் சேர்ப்போம், அவ்வளவுதான். படிக்க மட்டும் ஒரு குழு, எழுதவும் அழிக்கவும் இன்னொரு குழு, ஒவ்வொரு உள் ஃபோல்டருக்கும் தனித்தனியாக என்று இருக்கும். அதனால் எங்களுக்குத் தெரிய வேண்டியவை மூன்று: எந்தக் குழு, சேர்க்கலாம் என்று சொல்ல உரிமை உள்ளவர் யார், எப்போது எடுக்க வேண்டும். நோக்கம், ஒப்புதல் தருபவர், கால அளவு என்று டிக்கெட் படிவத்தில் கேட்கும் மூன்றும் இந்த மூன்றுக்கான விடைகள்தான். அந்தத் திங்கட்கிழமை டிக்கெட்டில் மூன்றுமே இல்லை. அவசரம் என்ற சொல் இருந்தது, ஆனால் அது வரிசையில் டிக்கெட்டை முன்னால் கொண்டுவருமே தவிர, எந்தக் குழு என்று சொல்லாது.

பதினோரு மணிக்கு என் சக ஊழியர் பதில் எழுதினார்: எந்த உள் ஃபோல்டர், என்ன வேலைக்கு? மறுநாள் காலை அவரிடமிருந்து பதில் வந்தது: "ரிப்போர்ட் வேலைக்கு. மேனேஜர் ஓகே சொல்லிவிட்டார்." கூடவே மேனேஜருடனான அரட்டையின் ஸ்கிரீன்ஷாட். ஸ்கிரீன்ஷாட்டை ஒப்புதலாக நாங்கள் ஏற்பதில்லை. அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. பின்னால் தணிக்கையில் "யார், எதற்கு, எந்த நாளில் சம்மதித்தார்" என்று கேட்டால் ஒரு படத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. ஒப்புதல் தருபவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து அந்த டிக்கெட்டுக்குள்ளேயே சம்மதம் தெரிவிக்க வேண்டும். அதனால் மேனேஜருக்கு ஒப்புதல் கோரிக்கை அனுப்பினோம். புதன்கிழமை காலை அவர் ஒப்புக்கொண்டார்.

சரி, முடிந்தது என்று நினைத்தோம். ஆக்டிவ் டைரக்டரியை நிர்வகிக்கும் டைரக்டரி குழுவினர் அதைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மேனேஜர் கேட்டவரின் மேலாளர். ஃபோல்டரின் பொறுப்பாளர் வேறொருவர், நிதிப் பிரிவில் இருப்பவர். அவர் விடுப்பில் இருந்தார்.

இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். "இந்த ஆளுக்கு இந்த வேலையை நான்தான் கொடுத்தேன்" என்று மேலாளர் சொல்லலாம், அது தேவையான உறுதிமொழிதான். ஆனால் அந்தத் தகவலை யார் பார்க்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை தகவலுக்குப் பொறுப்பானவரிடம்தான் இருக்கிறது. நிதிப் பிரிவின் லெட்ஜரை யாருக்குத் திறந்துவிடலாம் என்று ஆய்வுப் பிரிவின் மேலாளர் தீர்மானிக்க முடியாது. பொறுப்பாளர் யார் என்று தெரியாவிட்டால் ஹெல்ப் டெஸ்கிடம் அதை மட்டும் முதலில் கேட்டுவிடலாம். எங்களிடம் ஒவ்வொரு பகிர்வு ஃபோல்டருக்கும் பொறுப்பாளர், அவர் இல்லாதபோது மாற்றாள் என்ற பட்டியல் இருக்கிறது. சிலர் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, செக்யூரிட்டி பக்கத்தின் அட்வான்ஸ்டு பகுதியில் தெரியும் உரிமையாளர் பெயரை எடுத்து எழுதுகிறார்கள். அது பெரும்பாலும் நிர்வாகிகள் குழுவின் பெயராகவோ, ஃபோல்டரை எப்போதோ உருவாக்கிய ஒருவரின் பெயராகவோ இருக்கும். கோப்பு அமைப்பு சொல்லும் உரிமையாளரும் தகவலுக்குப் பொறுப்பானவரும் ஒருவரே என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வியாழக்கிழமை காலை டிக்கெட் போட்டவரே போனில் அழைத்தார். குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது.

"சார், மூணு நாளாச்சு. நான் என்ன தப்பா கேட்டேன்னு சொல்லுங்க, மாத்திக் கேக்குறேன்."

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. போனை வைக்காமலே இருவரும் சேர்ந்து புதிய டிக்கெட்டை எழுதினோம். முதலில், என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ரிப்போர்ட் என்றார். எந்தக் கோப்பைத் திறப்பீர்கள், அதை மாற்றுவீர்களா, முடிவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். லெட்ஜர் கோப்புகளைத் திறந்து பார்த்தால் போதும், அதில் கை வைக்கக் கூடாது, அது மூலக் கோப்பு. ஒப்பீட்டு ஷீட்டை மட்டும் நிதிப் பிரிவினரும் பார்க்கும்படி அங்கேயே சேமிக்க வேண்டும் என்றார்.

இரண்டு நிமிடப் பேச்சில் "ஃபுல் ஆக்சஸ்" காணாமல் போய்விட்டது. விண்டோஸ் கோப்பு அனுமதியில் முழுக் கட்டுப்பாடு என்பது எழுதுவதும் அழிப்பதும் மட்டுமல்ல, மற்றவர்களின் அனுமதியை மாற்றுவதையும் ஃபோல்டரின் உரிமையை எடுத்துக்கொள்வதையும் சேர்த்துத் தருவது. சாதாரணப் பயனாளருக்கு அது கிட்டத்தட்ட ஒருபோதும் தேவைப்படாது. எழுதவும் அழிக்கவும் "மாடிஃபை" நிலையே போதும். இவருக்கு லெட்ஜர் உள் ஃபோல்டரில் படிப்பு அனுமதி, வேலை ஃபோல்டரில் மாடிஃபை. இரண்டு குழுக்கள். நோக்கத்தைச் சொன்னதும் குழுக்களின் பெயரும் தானாகக் கிடைத்துவிட்டது. படிவத்தில் நோக்கம் என்று இருப்பதைச் சிலர் நியாயப்படுத்தும் இடமாக நினைத்து, தங்கள் வேலை எவ்வளவு முக்கியம் என்று எழுதுகிறார்கள். எந்தக் கோப்பை, என்ன செய்ய என்று எழுதினாலே எங்களுக்குப் போதும்.

"பக்கத்து சீட்டில் இருப்பவர் போலவே" என்பதையும் எடுத்துவிடச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டதால் பக்கத்து சீட்டில் இருக்கும் அந்தச் சக ஊழியரின் குழுப் பட்டியலைப் பார்த்தேன். அதில் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை. சம்பளப் பட்டியல் ஃபோல்டரின் குழுவில் அந்தச் சக ஊழியர் இன்னும் இருந்தார். முன்பு வேறு பிரிவில் இருந்தபோது கொடுத்தது, பிரிவு மாறிய பிறகு யாரும் எடுக்கவில்லை. அந்தப் பழைய டிக்கெட்டைத் தேடிப் பார்த்தேன், முடிவு தேதி எழுதும் இடம் காலியாக இருந்தது. கேட்டபடியே நகல் எடுத்துக் கொடுத்திருந்தால், இவருக்கும் சம்பளப் பட்டியல் திறந்திருக்கும், அது இவருக்கே தெரியாமல்.

அப்புறம் ஒப்புதல். பொறுப்பாளர் விடுப்பில் இருந்தாலும் மாற்றாளின் பெயர் எங்கள் பட்டியலில் இருந்தது. டிக்கெட்டில் இருவர் பெயரையும் எழுதினோம். அப்ரூவர் பெயரை எழுதிவிட்டாலே ஒப்புதல் கிடைத்துவிட்டதாக ஆகாது, நாங்கள் அவரிடம் கேட்கத்தான் செய்வோம். ஆனால் யாரைக் கேட்பது என்று தேடும் நேரம் மிச்சமாகும். திங்கள் முதல் புதன் வரை போனதில் பெரும்பகுதி அந்தத் தேடல்தான்.

கால அளவுக்கு "வேலை முடியும் வரை" என்று முதலில் சொன்னார். அந்த வேலை எப்போது முடியும் என்றேன். 19ஆம் தேதி அறிக்கை கொடுக்க வேண்டும், ஏதாவது திருத்தம் வரலாம் என்பதால் 21 வரை இருந்தால் நல்லது என்றார். அதையே எழுதினோம். இரண்டாவது டிக்கெட் இப்படி அமைந்தது:

"இடம்: `\\fs01\Finance\Recon`. சப்ளையர் பணப் பதிவுகளை வங்கி ஸ்டேட்மெண்டுடன் ஒப்பிடும் வேலைக்காக `Ledger` உள் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி தேவை. ஒப்பீட்டு ஷீட்டைச் சேமிக்க `Working` உள் ஃபோல்டரில் எழுதும் அனுமதி தேவை. மற்ற உள் ஃபோல்டர்கள் வேண்டாம். ஒப்புதல் தருபவர் நிதிப் பிரிவின் ஃபோல்டர் பொறுப்பாளர், அவர் விடுப்பில் இருப்பதால் பதிவில் உள்ள மாற்றாள். வேலையை ஒதுக்கிய என் மேலாளர் முந்தைய டிக்கெட்டில் உறுதி செய்திருக்கிறார். 6ஆம் தேதி முதல் 21ஆம் தேதி வரை. அதன் பிறகு எடுத்துவிடலாம்."

மாற்றாள் மதியம் ஒரு மணி வாக்கில் சம்மதித்தார். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. 2.30க்கு டைரக்டரி குழு, டிக்கெட் போட்டவரை இரண்டு குழுக்களிலும் சேர்த்தது. லெட்ஜர் குழுவுக்கான கட்டளை இது, மற்றதற்கும் இதே போலத்தான்:

```
Add-ADGroupMember -Identity 'FIN-RECON-LEDGER-R' `
  -Members 'user01' `
  -MemberTimeToLive (New-TimeSpan -Days 15)
```

கடைசி வரிதான் கால அளவு. நேரம் முடிந்ததும் குழுவிலிருந்து ஆள் தானாக நீங்கிவிடுவார், யாரும் நினைவில் வைத்து எடுக்க வேண்டியதில்லை. இது எல்லா இடத்திலும் கிடைக்காது. டைரக்டரி விண்டோஸ் சர்வர் 2016 நிலைக்கு உயர்த்தப்பட்டு, அதற்கான வசதியும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த வசதியை ஒருமுறை இயக்கினால் திரும்ப அணைக்க முடியாது என்பதால் சில நிர்வாகிகள் தயங்குகிறார்கள். அது இல்லாத இடங்களில் முடிவு தேதியில் எடுக்கச் சொல்லித் தனியாக ஒரு டிக்கெட் போட்டு வைப்பார்கள். அங்கேயும் டிக்கெட்டில் தேதி எழுதியிருந்தால்தான் அது நடக்கும்.

மூன்று மணிக்கு அவர் மீண்டும் அழைத்தார். கொடுத்துவிட்டதாக மெயில் வந்தும் ஃபோல்டர் திறக்கவில்லை. இதில் குழம்பி இன்னொரு டிக்கெட் போடுபவர்கள் நிறைய. காரணம் எளிது. கணினியில் நுழையும்போதுதான் உங்கள் குழுக்களின் பட்டியல் எடுக்கப்பட்டு அந்த அமர்வோடு ஒட்டிக்கொள்கிறது. நடுவில் டைரக்டரியில் சேர்த்தால் பழைய அமர்வுக்கு அது தெரியாது. கட்டளைச் சாளரத்தில் இதைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்:

```
whoami /groups | findstr RECON
```

எதுவும் வரவில்லை. வந்திருந்தும் ஃபோல்டர் திறக்காமல் இருந்தால் சிக்கல் வேறு இடத்தில், ஃபோல்டரின் அனுமதியில் இருக்கிறது என்று பொருள். வரவில்லை என்பதால் சைன் அவுட் செய்து மீண்டும் நுழையச் சொன்னேன். திரையைப் பூட்டித் திறந்தால் அமர்வு புதிதாகாது. மறுபடி நுழைந்ததும் இரண்டு குழுக்களும் பட்டியலில் வந்தன, ஃபோல்டரும் திறந்தது.

இரண்டு வாரம் எந்தப் பேச்சும் இல்லை. 21ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஒப்பீட்டு ஷீட்டில் கடைசித் திருத்தத்தைப் போட்டுச் சேமிக்கப் போனபோது அனுமதி மறுக்கப்பட்டது. நேரம் 2.30ஐத் தாண்டியிருந்தது.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 6ஆம் தேதி 2.30க்குப் பதினைந்து நாள் என்று போட்டோம், அது 21ஆம் தேதி 2.30க்கு நொடி பிசகாமல் முடிந்தது. அவர் 21 வரை என்று எழுதியது அன்று முழுவதும் என்ற பொருளில். நாங்கள் நாட்களை எண்ணினோம். தேதி எழுதியிருந்தார், நேரம் எழுதவில்லை. எழுதச் சொல்ல வேண்டியது நான். அவரோடு சேர்ந்து டிக்கெட்டை எழுதியது நான்தானே.

இந்த வகைக் காலக்கெடுவில் கருணை நேரம் கிடையாது என்பதும் அன்றைக்குக் கண்ணெதிரே தெரிந்தது. கையால் குழுவிலிருந்து எடுத்தால், உள்ளே நுழைந்தபோது கணினி ஏற்கெனவே வாங்கிய கெர்பரோஸ் டிக்கெட் என்ற அடையாளச் சீட்டு காலாவதியாகும் வரை பழைய அனுமதி கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். வழக்கமான அமைப்பில் அந்த டிக்கெட்டின் ஆயுள் 10 மணி நேரம். ஆனால் காலக்கெடு வைத்துச் சேர்த்தால், அந்தச் சீட்டைக் கொடுக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலர் அதன் ஆயுளையே குழுவில் மிச்சமிருக்கும் நேரத்துக்குள் சுருக்கிவிடுகிறது. பாதுகாப்புக்கு அது நல்லது. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு அது கதவு திடீரென மூடுவது போல.

அவர் ஷீட்டைத் தன் கணினியில் தற்காலிகமாகச் சேமித்துவிட்டு உடனே எங்களுக்கு எழுதினார். இந்த முறை யாரும் சொல்லித்தரவில்லை. முந்தைய டிக்கெட்டின் எண், அதே நோக்கம், `Working` மட்டும் போதும் லெட்ஜர் இனி வேண்டாம் என்ற குறிப்பு, விடுப்பு முடிந்து வந்துவிட்ட பொறுப்பாளரின் பெயர், 24ஆம் தேதி திங்கள் மதியம் 12.00 மணி வரை. நீட்டிப்புக்கும் புதிய ஒப்புதல் வேண்டும், பழைய சம்மதம் பழைய தேதிவரைக்கும்தான். பொறுப்பாளர் அரை மணியில் சம்மதித்தார். இந்த முறை நாட்களை எண்ணாமல் முடிவு நேரத்தையே கொடுத்தோம்:

```
$end = Get-Date '2025-03-24 12:00'
Add-ADGroupMember -Identity 'FIN-RECON-WORK-M' `
  -Members 'user01' `
  -MemberTimeToLive (New-TimeSpan -End $end)
```

இப்படிச் செய்தால் எப்போது சேர்த்தாலும் முடிவது கேட்ட நேரத்தில்தான். கேட்டவரும் டைரக்டரி குழுவும் வேறு வேறு நேர மண்டலத்தில் இருந்தால் எந்த மண்டலத்தின் 12.00 என்பதையும் எழுத வேண்டியிருக்கும், இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

கணினியில் சேமித்த பிரதியை `Working` ஃபோல்டரில் போட்டுவிட்டு, தன் கணினியிலிருந்து அழித்துவிட்டதாக அவரே டிக்கெட்டில் ஒரு வரி எழுதியிருந்தார். நிதிப் பிரிவின் தகவல் தன்னிடம் தங்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது.

24ஆம் தேதி மதியம் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை. டிக்கெட்டை மூடினேன். படிவத்தில் இப்போது முடிவு தேதிக்குப் பக்கத்தில் நேரத்துக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம், இரண்டில் எது காலியாக இருந்தாலும் டிக்கெட் அனுப்பப்படாது. அந்தச் சக ஊழியரின் சம்பளப் பட்டியல் அனுமதிக்கு, அந்த ஃபோல்டரின் பொறுப்பாளருக்குத் தனி டிக்கெட் போட்டேன். "இவர் எங்கள் பிரிவை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது, எடுத்துவிடுங்கள்" என்று அன்று மாலையே பதில் வந்தது, எடுத்துவிட்டோம்.